ரேட்டைப் பார்க்கவா, வீட்டைப் பார்க்கவா?

வெளிநாட்டுச் சம்பளம், உள்ளூர்ச் செலவு. இந்த வாரம் வந்த கடிதங்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான். பதில்களில் வரும் ரேட் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக மட்டும். நீங்கள் அனுப்பும் நாளில் உள்ள ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதம் எவ்வளவு அனுப்பினால் ஊரில் 'நல்ல பிள்ளை' என்று பேர் கிடைக்கும்?
(கான்சாபுரத்துக்காரர், துபாயிலிருந்து)

அதற்கு உச்சவரம்பே கிடையாது. நீங்கள் முப்பதாயிரம் அனுப்பினால், பக்கத்து வீட்டுப் பையன் நாற்பது அனுப்புகிறானாம் என்று தகவல் வரும். பேரை விடுங்கள். எவ்வளவு அனுப்பினால் 25-ஆம் தேதி வாக்கில் "கொஞ்சம் போட்டு விடுப்பா" என்று வீட்டிலிருந்து போன் வராது? அந்தத் தொகையைக் கண்டுபிடியுங்கள். ரூபாயில் எழுதி வையுங்கள், திர்ஹமில் வேண்டாம். கான்சாபுரத்தில் யாரும் திர்ஹம் கொடுத்துப் பால் வாங்குவதில்லை.

கேள்வி: நான் ஷார்ஜாவில் எலக்ட்ரீசியன். ஊர் கான்சாபுரம். சம்பளம் 2,400 திர்ஹம், ரூம் கம்பெனியுடையது. ஊரில் அப்பா, அம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். விசாவுக்கு வாங்கிய இரண்டு லட்சம் ரெண்டு வட்டியில் நிற்கிறது. மிச்சம் பிடித்ததை எல்லாம் அனுப்பிவிடுகிறேன். ஆனாலும் வருஷக் கடைசியில் கையிலும் ஒன்றுமில்லை, கடனும் அப்படியே இருக்கிறது. எவ்வளவு அனுப்பினால் சரியாகும்?

நீங்கள் அனுப்புவது குறைவில்லை. அனுப்பும் பணத்துக்குப் பேர் வைக்காமல் அனுப்புகிறீர்கள், அதுதான் கோளாறு. மொத்தமாக வந்து விழும் பணம் மொத்தமாகவே போய்விடும். அதில் எது அரிசிக்கு, எது அசலுக்கு என்று வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

முதலில் உங்கள் பக்கம். மெஸ், போன், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து 700 திர்ஹம் என்று வைப்போம். இன்னொரு 100 அங்கேயே இருக்கட்டும். அவசரமாக ஊருக்கு வர நேர்ந்தால் டிக்கெட்டுக்காக ரூம்மேட்டிடம் கை நீட்டக் கூடாது. அது ஆயிரம் திர்ஹம் சேரும்வரை மாதாமாதம் ஒதுக்குங்கள். போக 1,600 நிற்கிறது. எல்லாக் கழிவும் போய் வீட்டில் சுமார் 38,500 ரூபாய் விழுகிறது என்று கொள்வோம்.

இனி வீட்டுப் பக்கம். மனைவியும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும், ஒருவர் மட்டும் எழுதினால் மற்றவர் செலவு விட்டுப்போகும். மளிகை, பால், காய்கறி, கேஸ் 13,000. கரண்ட் பில், போன், வண்டிக்குப் பெட்ரோல் 2,000. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. பாதியை மாதக் கணக்கில் எழுதாவிட்டால் பில் வரும் மாதமெல்லாம் துண்டு விழும். பள்ளிக்கூட வேன், நோட்டு, டியூஷன் 3,500. அம்மா அப்பா மாத்திரை 1,500. ஆக 20,000. உங்கள் வீட்டுக் கணக்கு இதைவிடக் கூடும், குறையும். எழுதுகிற முறை இதுதான்.

அடுத்தது ரெண்டு வட்டி. ஊரில் சொல்லும்போது சின்னதாகக் கேட்கிறது, வருஷத்துக்கு 24 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு மாதம் 4,000 வட்டி மட்டுமே போகிறது. இதுவரை அதைக் கட்டிவிட்டு "இந்த மாசக் கடன் முடிந்தது" என்று நினைத்திருப்பீர்கள். கடன் நகரவே இல்லை. இனி மாதம் 16,000 கடனுக்கென்று ஒதுக்குங்கள். முதல் மாதம் 4,000 வட்டிக்கும் 12,000 அசலுக்கும் போகும். அடுத்த மாதம் அசல் 1,88,000, வட்டி 3,760. இப்படியே போனால் 15-ஆம் மாதம் கடைசித் தவணை, அதுவும் பாதிதான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அசலைப் பகுதி பகுதியாக வாங்கிக்கொள்வாரா என்று கடன் கொடுத்தவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். வாங்குவார் என்றால், கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்பா கூச்சப்படுவார், "தெரிஞ்ச ஆளுப்பா" என்பார். தெரிந்த ஆள்தான் வட்டியும் வாங்குகிறார். பகுதியாக வாங்க மாட்டேன் என்றால், வீட்டு நகையைப் பேங்கில் வைத்து இந்தக் கடனை அடைத்துவிட்டு நகைக்கடனைக் கட்டி வாருங்கள். பேங்க் நகைக்கடன் வட்டி ரெண்டு வட்டியில் பாதி அளவுக்குத்தான் நிற்கும்.

இருபதும் பதினாறும் முப்பத்தாறு. மீதி 2,500. இது மிச்சமில்லை. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், ஆடிப்பூரத் தேருக்கு வரும் சொந்தபந்தம், தீபாவளித் துணி எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வந்து மாதக் கணக்கை முறிக்கும் செலவுகள். வருஷத்துக்கு 30,000 என்று வைத்தால் மாதம் 2,500. இதைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கிலேயே கிடந்தால் ஆடி வருவதற்குள் ஆவியாகிவிடும்.

இப்போதைக்குச் சேமிப்பு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். 24 சதவீதக் கடனை அடைப்பதைவிட அதிகம் தரும் சேமிப்புத் திட்டத்தை எனக்கு யாரும் இதுவரை காட்டவில்லை. பதினைந்து மாதம் கழித்து அந்த 16,000 ஊருக்கு வர வேண்டாம், உங்கள் பேரில் இருக்கும் என்.ஆர்.இ. கணக்குக்குப் போகட்டும்.

கேள்வி: ஒரு எக்ஸ்சேஞ்சில் 'கட்டணமே இல்லை' என்று போர்டு. இன்னொன்றில் 20 திர்ஹம் வாங்குகிறார்கள். சந்தேகமில்லாமல் முதல் கடைதானே லாபம்?

சந்தேகம் இருக்கிறது. கட்டணம் வாங்காத கடைக்காரரும் வாடகை கட்டுகிறார், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறார். அது எங்கிருந்து வருகிறது? ரேட்டிலிருந்து.

அன்றைக்குச் சந்தையில் ஒரு திர்ஹம் 24.50 ரூபாய் என்று வையுங்கள். கட்டணமில்லாத கடை 24.05 தருகிறது. கட்டணக் கடை 24.35 தருகிறது, ஆனால் 20 திர்ஹமும் அதன்மேல் 5 சதவீத வாட்டும் சேர்த்து 21 பிடிக்கிறது. நீங்கள் 1,600 கொண்டு போனால் முதல் கடையில் வீட்டுக்கு 38,480 ரூபாய், இரண்டாவதில் 38,449. முப்பத்தொரு ரூபாய் வித்தியாசம், உங்கள் கட்சிதான் ஜெயித்தது. அதே ஆள் 3,200 அனுப்பினால்? முதல் கடை 76,960, இரண்டாவது 77,409. இப்போது தோற்றுவிட்டீர்கள், 449 ரூபாய்.

கட்டணம் எவ்வளவு அனுப்பினாலும் ஒன்றுதான். ரேட்டில் கடிப்பது ஒவ்வொரு திர்ஹமிலும் கடிக்கும். இந்த இரண்டு கடைக்கும் நடுவே தராசு நேராக நிற்கும் இடம் 1,700 திர்ஹமை ஒட்டி. அதற்குக் கீழே கட்டணமில்லாத கடை, மேலே போனால் கட்டணக் கடை. உங்கள் கடைகளுக்கு வேறு எண் வரும். கண்டுபிடிக்க ஒரே வகுத்தல் போதும்: வீட்டுக் கணக்கில் விழுந்த மொத்த ரூபாயை, உங்கள் கையிலிருந்து போன மொத்த திர்ஹமால் (கட்டணமும் சேர்த்து) வகுங்கள். வருவதுதான் உங்களுக்குக் கிடைத்த உண்மையான ரேட். போர்டில் எழுதியிருப்பது கடைக்காரருடைய ரேட்.

சந்தை ரேட்டோடு ஒப்பிட்டால் கட்டணமில்லாத கடையில் 1,600-க்கு 720 ரூபாய் போகிறது, இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. அனுப்பும் செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு. அந்த வகையில் வளைகுடாக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனாலும் வருஷத்துக்கு 8,640 ரூபாய் வழியிலேயே இறங்கிவிடுகிறது என்பதையும் கணக்கில் எழுதுங்கள்.

கேள்வி: ரேட் ஏறும் என்கிறார்கள். இந்த மாதம் அனுப்பாமல் அடுத்த மாதம் சேர்த்து அனுப்பலாமா?

ஏறும் என்றவரிடம், ஏறாவிட்டால் வித்தியாசத்தை அவர் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

மேலே சொன்ன ஷார்ஜாக்காரர் கணக்கையே வைத்துப் பார்ப்போம். 25 பைசா ஏறுகிறது என்றே வையுங்கள், அது நல்ல ஏற்றம். 1,600 திர்ஹமுக்கு உங்களுக்கு 400 ரூபாய் லாபம். இங்கே வீட்டில் மாதச் செலவுக்கு 20,000 கைமாற்று வாங்கியிருப்பார்கள், மூன்று வட்டியில். அதற்கு மாதம் 600. அசலுக்குப் போக வேண்டிய 12,000 நின்றுபோனதற்கு ரெண்டு வட்டியில் 240. ரேட் ஜெயித்து, நீங்கள் 440 ரூபாய் தோற்றிருக்கிறீர்கள். ரேட் ஏறவே இல்லை என்றால் 840-ம் முழுசாகப் போச்சு.

கடனே இல்லாதவர், வீட்டில் மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு உள்ளவர், என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்புகிற சேமிப்புப் பணத்தில் ரேட் பார்த்து விளையாடலாம். பால் பணத்தில் வேண்டாம். ஒன்று மட்டும் செய்யலாம்: சனி, ஞாயிறில் அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும், திங்கட்கிழமை ரேட் எப்படித் திறக்குமோ என்று கடைகள் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் இறக்கியே வைப்பதுண்டு. வார நாளில் அனுப்பினால் சில பைசா மிஞ்சலாம்.

கேள்வி: ரூபாய் சரிந்தால் எங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்தக் கூடுதல் யாருக்குச் சேர வேண்டும், வீட்டுக்கா எனக்கா?

இந்தக் கேள்வியை மாமியார் மருமகள் இருவரும் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிடாதீர்கள்.

திர்ஹம் 1997-லிருந்து அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது, ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். சவூதி ரியாலும் அப்படித்தான், 3.75. அதனால் திர்ஹம் ரேட் ஏறியது என்றால், உண்மையில் டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கியது என்றே அர்த்தம். 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோது திர்ஹம் 24.50-ஐத் தொட்டதும் இதனால்தான்.

வீட்டுத் தொகையை ரூபாயில் நிறுத்திவைத்தால் பதில் தானாக வந்துவிடும். ரேட் ஏறினால் அதே ரூபாய்க்குக் குறைந்த திர்ஹம் போதும், மிஞ்சியது உங்கள் சேமிப்பு. ஆனால் அதை முழுசாக அமுக்கிக்கொள்வதும் நியாயமில்லை. பெட்ரோல், கேஸ், சமையல் எண்ணெய் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு. ரூபாயின் சரிவு நம் வீட்டு அடுப்படிவரை வரத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாக. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுப் பட்டியலைத் திரும்ப எழுதித் தொகையைத் திருத்துங்கள். மாதாமாதம் ரேட்டுக்கு ஏற்ப ஏற்றி இறக்கினால், ஏறியதை மறந்துவிடுவார்கள், இறங்கியதை மட்டும் மறக்க மாட்டார்கள்.

கேள்வி: மகன் அனுப்பியதாகச் சொல்லும் தொகை ஒன்று, பேங்கில் விழுவது இன்னொன்று. இடையில் யார் எடுக்கிறார்கள்? மருமகள் மேல் சந்தேகமாக இருக்கிறது.
(ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் அம்மா)

மருமகளை முதலில் விடுதலை செய்யுங்கள் அம்மா. மகன் பேங்க் மூலம் டாலராகவே அனுப்பியிருப்பார். அது நேராக வராது, இடையில் ஒன்றிரண்டு பேங்க் கை மாறி வரும், அவை தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உங்கள் பேங்க் தன்னுடைய ரேட்டில் ரூபாயாக மாற்றும். மாற்றியதற்கு ஜி.எஸ்.டி. வேறு உண்டு, ஆனால் அது சொற்பம்: 60,000 ரூபாய்க்கு 108 ரூபாய். ரேட்டிலும் நடுப் பேங்க்கிலும் போவதுதான் பெரிசு.

இனிமேல் எக்ஸ்சேஞ்சில் ரூபாயாகவே மாற்றி உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே கொடுக்கும் சீட்டில் எத்தனை ரூபாய் என்று எழுதியிருக்கிறதோ அதுவே இங்கே விழ வேண்டும். அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அதற்குப் பிறகும் குறைந்தால் எனக்கு எழுதுங்கள். சந்தேகத்தை மீண்டும் தொடங்கலாம்.

கேள்வி: அம்மாவுக்குப் பேங்க் சரிப்படாது. ரொக்கமாக வாங்கிக்கொள்ளும்படி அனுப்பலாமா?

அனுப்பலாம், வரம்புக்குள். அப்படி உடனடியாகக் கைக்கு வரும் வழியில் ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒரே ஆள் வருஷத்துக்கு 30 தடவை. ரொக்கமாகக் கையில் தருவது 50,000 ரூபாய் வரைதான், மேலே போனால் கணக்கில்தான் போடுவார்கள். 50,000 ரொக்கத்தோடு அம்மாவைத் தனியாக பஸ் ஏற்றுவதைவிட, பேங்கைச் சரிப்படுத்துவது சுலபம்.

கேள்வி: உண்டியலில் கொடுத்தால் பத்துப் பைசா கூடுதல், கட்டணமும் இல்லை, அரை மணியில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். என்ன தப்பு?

சட்டப்படி குற்றம் என்று சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். அதனால் கணக்கைச் சொல்கிறேன். 1,600 திர்ஹமுக்குப் பத்துப் பைசா என்றால் 160 ரூபாய். அந்த 160-க்காக, சீட்டு இல்லை, தொலைந்தால் கேட்க ஆள் இல்லை. இப்போது பல இடங்களில் வீட்டுக்கு வந்து கொடுப்பதை விட்டு, யார் யார் கணக்கிலிருந்தோ உங்கள் மனைவி கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அதில் ஒன்று யாரையோ ஆன்லைனில் ஏமாற்றிய பணமாக இருந்துவிட்டால், சைபர் கிரைம் போலீஸ் அந்தப் பணம் போன வழியெல்லாம் கணக்கை முடக்கிக்கொண்டே வரும். எந்த ஊரில் புகார் கொடுத்தார்களோ அந்த ஊர் போலீசிடம் நீங்கள் மன்றாட வேண்டும். பணம் நீங்கள் அனுப்பியதுதான் என்று எதைக் காட்டுவீர்கள்?

கேள்வி: மாதாமாதம் அம்மா கணக்குக்கு நாற்பதாயிரம் வருகிறது. வரி கேட்பார்களா?

மகன் அம்மாவுக்குக் கொடுப்பதற்கு வருமான வரி இல்லை, எவ்வளவு என்றாலும். அதை அம்மா டெபாசிட் போட்டு வரும் வட்டி அம்மாவின் வருமானம், அது வரிக் கணக்கில் வரும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். மொத்தமாக அனுப்பினால் வீட்டில் பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை அனுப்பலாமா?

மாதத்துக்கு நாலு தடவை கட்டணம் கட்டுவதாக இருந்தால் கூடாது. ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2023 பிப்ரவரி 21-லிருந்து சிங்கப்பூர் பேநவ்வும் நம் யு.பி.ஐ.யும் இணைந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் பேங்க் அந்தத் திட்டத்தில் இருந்தால் போனிலிருந்தே அனுப்பலாம், ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை. முதலில் ஒரு சிறு தொகை அனுப்பி, மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். ரேட் ஒத்துவந்தால் வாரச்சந்தைக்கு முந்தின நாள் அனுப்பலாம். சிங்கப்பூர் வெள்ளி டாலரோடு கட்டப்பட்டதல்ல என்பதால், துபாய் நண்பர் சொல்லும் ரேட் ஜோசியம் உங்களுக்குப் பலிக்காது.

கேள்வி: ஊரை விட்டுக் கிளம்புமுன் வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்குக்கே அனுப்புகிறேன். சரிதானே?

சரியில்லை. வெளிநாட்டில் வேலைக்குப் போனபின் அந்தக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்றச் சொல்லிப் பேங்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பாதித்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திறங்கள். அதில் வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளியே கொண்டுபோகலாம்.

கேள்வி: கடன் முடிந்தது. கான்சாபுரத்தில் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு மாதம் பத்தாயிரம் கூட்டி அனுப்பி என் பேரில் முடித்துவிடலாம் என்கிறார் அப்பா. அனுப்பட்டுமா?

அனுப்புவதற்கு முன் இதைக் கேளுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியர் வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம். விவசாய நிலமோ தோப்போ வாங்கக் கூடாது, அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கவில்லை. அப்பா வழியாகச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விலைக்கு வாங்குவதுதான் ஆகாது. அப்பா தன் பேரில் வாங்கலாம், அது தடையில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பணம் அப்பாவுக்குக் கொடுத்த பணம், தோப்பு அப்பாவின் தோப்பு. அவர் எழுதி வைக்காமல் போனால் அதில் உங்கள் தங்கைக்கும் தம்பிக்கும் பங்கு உண்டு. அது உங்களுக்குச் சம்மதம் என்றால் தாராளமாக அனுப்புங்கள். சம்மதமில்லை என்றால் அந்தப் பத்தாயிரத்தை என்.ஆர்.இ. கணக்கில் சேர்த்து, ஊர் திரும்பி இங்கேயே குடியமர்ந்தபின் உங்கள் பேரிலேயே பத்திரம் முடியுங்கள். அப்பாவிடம் இதைப் போனில் சொல்ல வேண்டாம், லீவில் வரும்போது நேரில் சொல்லுங்கள். அதுவரை தோப்புக்காரரிடம் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிட வேண்டாம் என்பதை மட்டும் இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள்.